தயிரில் ஊறும் கோழி

ஊவா மாகாணத் தோட்டங்களில் தீபாவளிக்கு முந்திய இரவு கோழி ஊறவைக்கும் இரவாகும். கொழுந்து பறித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு மாலையில் நேரம் குறைவு. ஆகவே இறைச்சியைத் தயிர், உப்பு, மஞ்சள், இஞ்சி, மிளகாய்த்தூள் ஆகியவற்றுடன் பிசைந்து, மூடிவைத்துவிட்டு உறங்கச் செல்கிறாள். மறுநாள் எண்ணெயிலிட்டால் சில வீடுகளில் இறைச்சி பஞ்சு போல மிருதுவாக இருக்கிறது. சில வீடுகளிலோ மேற்புறம் மாவாய்க் குழைந்து எலும்பை விட்டு உதிர்ந்துவிடுகிறது. தயிரின் மேல் பழி போடுவது எளிது. ஆயின், தயிருக்குள்ளே இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒருவர் தயிரின் புளிப்பு. மற்றவர் நாம் சேர்க்கும் உப்பு.

பால் உறையும்போது நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையை லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் இறைச்சியின் புரத இழைகளைச் சுருள் அவிழச் செய்து, இழைகளைக் கட்டி நிற்கும் கொலாஜன் என்னும் பொருளையும் தளர்த்துகிறது. இதுவே மென்மை. ஆனால் அமிலம் ஆழமாகச் செல்வதில்லை. இறைச்சியின் புரதங்களே அதனை உறிஞ்சி அடக்கிவிடுவதால், மணிக்கணக்காக ஊறினாலும் அது சில மில்லிமீற்றர் அளவே நுழைகிறது. உட்புறம் காத்திருக்க, மேற்புறம் மட்டுமே மேலும் மேலும் தளர்கிறது. இறைச்சி குழைவதன் காரணம் இதுவே.

உப்பின் போக்கு வேறு. அது முதலில் இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும். பின்னர் அந்த உப்புநீர் மெல்ல உள்ளே திரும்பும். புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்து, அடுப்பின் சூட்டிலும் நீரைப் பிடித்துவைக்கும் தன்மையை அதற்கு அளிக்கும். சாறு நிறைந்த இறைச்சிக்கு உப்பே பெரிதும் பொறுப்பு. புளிப்புக்கு அப்பெருமை இல்லை. 1 கிலோ இறைச்சிக்கு மட்டமாக 2 தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 12 கிராம், போதும். குழம்பிலும் உப்பிடுவோர் அதனைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே, 'எத்தனை மணி?' என்ற வினாவுக்கு விடை கோழியைப் பொறுத்தது. குளிர்சாதனப் பெட்டியில், எலும்பு நீக்கிய புரொயிலர் நெஞ்சிறைச்சிக்கு 2 முதல் 6 மணி நேரம் நன்று. எலும்போடு கூடிய கால், தொடை இறைச்சி 12 மணி வரை தாங்கும். முதிர்ந்த நாட்டுக்கோழியின் கொலாஜன் உறுதியானது. அதனை ஓர் இரவு முழுதும் ஊறவைக்கலாம். எதுவாயினும் 24 மணிக்கு மேல் வைப்பது வீண். எலுமிச்சைச் சாறு தயிரைவிடப் பன்மடங்கு புளிப்பானது. அதற்கு ஒரு மணி நேரமே அதிகம்.

இந்தக் கணக்கு புதுத் தயிருக்கு உரியது. வெல்லவாயப் பக்கத்தில் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிர் வாங்கிய அன்று இனிமையாகவும் கெட்டியாகவும் இருந்து இறைச்சியில் நன்றாக ஒட்டும். மூன்று நாட்கள் வெளியில் இருந்த தயிரில் புளிப்பு ஏறிவிடும். அப்போது நேரத்தைப் பாதியாக்குவதே அறிவு.

பெட்டியில்லாத லயத்து வீட்டில் நிலைமை இன்னும் கடினம். அப்புத்தளையின் இரவுக் குளிர் உடலை நடுக்கினாலும் அது இறைச்சிக்கு வேண்டிய 5 பாகை செல்சியஸ் ஆகாது; பதுளை நகரமோ அதனினும் வெப்பமானது. அறை வெப்பத்தில் தயிர் தொடர்ந்து புளிக்கும். அதனுடன் கெடுதல் செய்யும் கிருமிகளும் பெருகும். தயிரின் புளிப்பு அவற்றைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. ஆகவே இத்தகைய வீட்டில் அதிகாலையில் கோழியை வாங்கி, 1 கிலோவுக்கு ஒரு கோப்பை புதுத் தயிரும் மேற்சொன்ன உப்பும் சேர்த்து, 1 மணி நேரம், மிஞ்சினால் 2 மணி நேரம், வைத்துச் சமைப்பதே தக்கது. துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, கத்தியால் ஆழக் கீறிவிட்டால் அக்குறுகிய நேரமும் பயன்படும்.

இன்னொரு மறைந்த கைவேலையும் உண்டு. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பப்பாசிக்காயில் அதனினும் வலியது. ஓர் இரவு ஊறிய இறைச்சி கூழானால் தயிரைவிட இவற்றையே முதலில் ஐயுற வேண்டும். இரவே ஊறவைக்க விரும்புவோர் உப்பும் மஞ்சளும் மட்டும் பூசிப் பெட்டியில் வைத்து, தயிரையும் இஞ்சியையும் சமைப்பதற்கு 2 மணிக்கு முன் சேர்த்தால் இரு பயனும் கிட்டும்.

அளவு மீறியதை விரலே காட்டிவிடும். அழுத்தியதும் மீண்டு எழும் இறைச்சி நலமானது. மேற்புறம் வெளிறி, வழுவழுத்து, நகம் பட்டதும் இழை பிரிந்து வந்தால் அது எல்லை தாண்டிவிட்டது. அதனைப் பொரிக்கவோ சுடவோ முயலாது, தயிரை வழித்தெடுத்து, இறைச்சியைக் கொத்திக் கட்லட்டுக்குப் பயன்படுத்தலாம். அதனுடன் கெட்ட வாடையும் வீசினால் வீசி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.