உங்களுக்குத் தெரியுமா? – தெக்கார்த்திடம் இளவரசி கேட்ட கேள்வி

மனம் இடத்தை அடைக்காத, சிந்திக்கும் பொருள் என்றும் உடல் இடத்தை அடைக்கும் வேறொரு பொருள் என்றும் ரெனே தெக்கார்த் வகுத்த இருபொருள்வாதத்தைக் குறித்து, 1643-இல் பொஹீமிய இளவரசி எலிசபெத், தொடுவதற்குப் பரப்பே இல்லாத ஆன்மா உடலை எவ்வாறு அசைக்கும் என்று கடிதத்தில் வினவினார். மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பியில் இரண்டும் சந்திக்கின்றன என்ற தெக்கார்த்தின் கருத்து, இடத்தைச் சுட்டியதேயன்றி அவ்வினாவுக்கு விடையாகவில்லை.

1950-களில் யூ. டி. பிளேஸும் ஜே. ஜே. சி. ஸ்மார்ட்டும் முன்வைத்த ஒருமைக் கோட்பாட்டின்படி, மின்னல் என்பது மின்னிறக்கமே ஆவதுபோல வலி என்பதும் ஒரு மூளை நிகழ்வே ஆகையால், அவ்வினா அங்கே எழுவதேயில்லை. ஆனால், மனித மூளையினின்று பெரிதும் வேறான நரம்பமைப்புடைய ஆக்டோபஸும் வலியை உணருமாயின் வலியை எந்த மூளை நிகழ்வோடு ஒன்றெனக் கொள்வது என்று 1967-இல் ஹிலரி பட்னம் எழுப்பிய எதிர்வாதம், அக்கோட்பாட்டின் அடித்தளத்தையே அசைத்தது.