வேலை தேடும் படலம் – 9: பழைய கம்பெனிக்கு எத்தனை பெயர்?

போன வாரத்தோடு ரெஸ்யூம் வேலை முடிந்தது. அது கைக்கு வந்த மறுநிமிடமே விரல் ‘Apply’ பட்டனைத் தேடி ஓடும். இந்த வாரம் அந்தப் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய நாலைந்து நாட்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பொறுங்கள் என்று சொல்வதற்குக் காரணம், கம்பெனிகள் விண்ணப்பங்களை வாங்கிவைக்கும் மென்பொருள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஒரு மெயில் ஐடிக்கு ஒரு பதிவுதான். நீங்களாகவே விண்ணப்பித்துவிட்டால் ‘நேராக வந்தவர்’ என்று அதில் ஏறிவிடும். அதற்குப் பிறகு உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் உங்களை ரெஃபர் செய்ய முயன்றால், ‘இவர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார்’ என்று திரை மறுத்துவிடும். இந்தப் பூட்டு சில மாதங்கள் நீடிக்கும். ஆறு மாதம் வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. கன்சல்டன்சிக்காரர் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரெஸ்யூமை ஏற்றிவிட்டாலும் இதே கதைதான். ஐ.டி. வட்டாரத்தில் ‘ப்ரொஃபைல் ப்ளாக் ஆயிடுச்சு’ என்று புலம்புவார்களே, அது இது. எல்லாக் கம்பெனியிலும் இப்படி இல்லை. ஆனால் எங்கே எப்படி என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம்.

எந்த ஆளை? நெருங்கிய நண்பர்களைக் கேட்பதுதான் நம் வழக்கம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை வேறு திசையைக் காட்டியது. பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள நியூட்டன் நகரில், அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை, ‘அந்தத் தெரிந்தவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள்?’ என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்தேன் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் பதினேழு பேர்தான். ஐம்பத்தாறு பேர் அவ்வப்போது பார்த்தவர்கள். இருபத்தெட்டு பேர் வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள். அந்த அரைகுறை அறிமுகங்கள் யார் என்று பார்த்தால், பலர் பழைய கல்லூரித் தோழர்கள், முன்பு கூட வேலை பார்த்தவர்கள், பழைய முதலாளிகள். காரணம் எளிது. தினமும் டீக்கடையில் நம்மோடு நிற்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்த காலியிடங்கள்தான் தெரியும். பத்து வருடத்துக்கு முன் பிரிந்துபோனவர் இன்று வேறு உலகத்தில் இருக்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் 2011-ல் ஈ.சி.ஈ. முடித்தார். சென்னையில் போலாரிஸில் டெஸ்டராகச் சேர்ந்து மூன்று வருடம் இருந்தார். பிறகு ஓ.எம்.ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனி. இப்போது ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை மையத்தில், பேமென்ட்ஸ் பிரிவுக்கு டெஸ்ட் லீட் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்க்கிறார்.

லிங்க்ட்இனில் ஆள் தேடும் பக்கத்துக்குப் போய் ‘All filters’-ஐத் திறந்தால் ‘Current company’, ‘Past company’, ‘School’ என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் வங்கி, இரண்டாவதில் போலாரிஸ். இரண்டு பெயர் வருகிறது என்று வையுங்கள். ‘இவ்வளவுதானா’ என்று பெரும்பாலோர் மூடிவிடுவது இந்த இடத்தில்தான்.

உண்மையில் அங்கே இன்னும் பலர் இருக்கலாம், வேறு பெயர்களில். போலாரிஸின் பேங்கிங் மென்பொருள் பிரிவு 2014-ல் இன்டலெக்ட் டிசைன் அரீனா என்று தனியாகப் பிரிந்தது. மிச்சமிருந்த சர்வீஸ் பகுதியை 2016-ல் வெர்ச்சுசா வாங்கியது. அன்று நம் தோழியின் பக்கத்து சீட்டில் இருந்து, அங்கேயே சில வருடம் தொடர்ந்து பிறகு வங்கிக்கு மாறியவர், தன் ப்ரொஃபைலில் அந்தக் காலம் முழுவதையும் ‘Virtusa’ என்று ஒரே வரியாக எழுதியிருப்பார். இன்னொருவர் ‘Intellect’ என்று போட்டிருப்பார். பட்னியில் சேர்ந்தவர்கள் ஐகேட் வழியாக இன்று கேப்ஜெமினியில் இருப்பதும், சத்யம்காரர்கள் டெக் மஹிந்திராவாக இருப்பதும் இதே போலத்தான். ஆகவே தேடுவதற்கு முன் ஒரு தாளில் பழைய கம்பெனியின் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு கம்பெனியின் வரலாறு தெரியாமல் அதன் மனிதர்களைத் தேட முடியாது.

இன்னொரு ஓட்டை. சிலர் கம்பெனியின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல் கையால் தட்டச்சு செய்திருப்பார்கள். அவர்கள் அந்தக் கட்டத்தில் சிக்கமாட்டார்கள். அதற்கு ‘Past company’-ஐ விட்டுவிட்டு, மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயர்களை இப்படிக் கோக்க வேண்டும்:

```
"Polaris" OR "Virtusa" OR "Intellect"
```

OR பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இதில் குப்பையும் வரும். போலாரிஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு வண்டிக் கம்பெனிகூட இருக்கிறது. ஆனால் ‘Current company’-இல் வங்கியைப் பூட்டிவைத்திருப்பதால் சமாளிக்கக்கூடிய குப்பைதான். இலவசக் கணக்கில் அதிகம் தேடினால், மாதாந்தர வரம்பு முடிந்தது என்று லிங்க்ட்இன் கதவைச் சாத்தும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் திறக்கும். அதுவரை கூகுளில் `site:linkedin.com/in` என்று தொடங்கி, பழைய கம்பெனி, புதிய கம்பெனி, ஊர் மூன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம். கூகுள் காட்டுவது பழைய தகவலாக இருக்கும். வங்கியில் இருப்பதாகக் காட்டும் ஆள் போன வருடமே விலகியிருப்பார். அவரை ஒதுக்கிவிடாதீர்கள், அவரிடம் பிறகு வருவோம்.

கல்லூரிப் பக்கம் இன்னும் எளிது. கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் ‘Alumni’ என்ற பகுதி இருக்கிறது. அதில் எங்கே வேலை பார்க்கிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம்; எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்றும் குறுக்கலாம். தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் அண்ணா பல்கலைக்கழகம். இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களில் எத்தனையோ பேர் கல்லூரி பெயரை விட்டுவிட்டு, பட்டச் சான்றிதழில் இருக்கிறதே என்று ‘Anna University’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரில் தேடினால் கிண்டியில் படித்தவரும் கோவில்பட்டியில் படித்தவரும் ஒரே கூட்டமாக வந்து நிற்பார்கள். அங்கே ‘Tirunelveli’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் கொஞ்சம் வடியும். திருச்சியில் படித்தவர்களுக்கு வேறு கதை: 2003-க்கு முன் முடித்தவர்கள் ஆர்.இ.சி. என்று போட்டிருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் என்.ஐ.டி. என்று. துறையின் பேட்ச் வாட்ஸ்அப் குரூப் இருந்தால் அதில் ‘அந்த பேங்க்ல யாராச்சும் இருக்கீங்களா?’ என்று ஒரு வரி போடுவதும் நல்லதுதான். ஆனால் இப்போதைய ஆபீஸ் ஆட்களும் அந்த குரூப்பில் இருந்தால் வேண்டாம். சாயங்காலத்துக்குள் மேனேஜர் காதுக்குப் போய்விடும்.

இப்போது நம் தோழியிடம் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒரு வைஸ் பிரெசிடென்ட் இருக்கிறார். எல்லோரும் முதலில் அவருக்குத்தான் எழுதுவார்கள், அதனாலேயே அவரிடமிருந்து பதில் வராது. நான் முதலில் தேடுவது, பேமென்ட்ஸ் பிரிவிலோ பக்கத்துப் பிரிவிலோ நம் நிலையில் அல்லது ஒரு படி மேலே இருந்து, அங்கே சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம் ஆனவரை. அவருக்கு இன்டர்வியூ எப்படி நடந்தது என்பது இன்னும் ஞாபகத்தில் இருக்கும், ரெஃபரல் போர்ட்டலும் பழகியிருக்கும். அடுத்து தேதிகளைப் பார்க்க வேண்டும். ஒரே கம்பெனியில் இருந்தோம் என்பது பலவீனமான உறவு. ஒரே வருடங்களில், ஒரே கிளையன்ட்டுக்கு வேலை பார்த்தோம் என்றால், முகம் ஞாபகம் இல்லாவிட்டாலும் அன்றைய டெலிவரி மேனேஜரின் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொள்வார்.

போன வருடம் வங்கியை விட்டுப் போனவரைத்தான் நான் எல்லோரையும் விட உயர்வாக மதிப்பேன். அவரால் ரெஃபர் செய்ய முடியாது. ஆனால் உண்மையைச் சொல்ல முடியும். டீம் எப்படி, இரவு ஷிஃப்ட் உண்டா, ஏன் இந்த இடம் காலியானது என்பதையெல்லாம் உள்ளே இருப்பவர் மென்று விழுங்குவார், வெளியே வந்தவர் கொட்டிவிடுவார். அவரைத் தேட வங்கியின் பெயரை ‘Past company’-இல் போடுங்கள்.

எழுதும்போது சுருக்கம் முக்கியம். இணைப்புக் கோரிக்கையோடு செல்லும் குறிப்புக்கு லிங்க்ட்இன் தருவது சில வரிகளுக்கான இடம்தான். இலவசக் கணக்கில் மாதத்துக்கு ஒரு சில குறிப்புகளே அனுப்ப முடியும் என்பதால், அவற்றை முதல் மூன்று நான்கு பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண் இப்படி எழுதலாம்: “வணக்கம் அண்ணா, நான் ஜி.சி.ஈ. ஈ.சி.ஈ., 2011 பேட்ச். 2012-ல போலாரிஸ்ல உங்க கார்ட்ஸ் ப்ராஜெக்ட்ல டெஸ்டர். உங்க பேங்க்ல பேமென்ட்ஸ் டெஸ்ட் லீட் ஓப்பனிங் பார்த்தேன். டீம் பத்தி ரெண்டு விஷயம் கேக்கலாமா?” சீனியர் என்பதால் ‘அண்ணா’. கல்லூரித் தொடர்பு இல்லாத பழைய கம்பெனிக்காரர் என்றால் பெயர் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். ‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க’ என்று கேட்டால், தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். பேசிய பிறகு ரெஃபர் செய்கிறேன் என்றால், அன்றைக்கே ஜாப் ஐடி, ரெஸ்யூம், நீங்கள் ஏன் பொருத்தம் என்று மூன்று வரி, மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். பல போர்ட்டல்களில் ‘இவர் ஏன் பொருத்தம்?’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கான பதிலை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

அந்த உரையாடலில் அவர் இப்படியும் சொல்லக்கூடும்: “அந்த இடத்துக்கு உள்ளேயே ஆள் பார்த்தாச்சும்மா, சும்மா விளம்பரம் போட்டிருக்காங்க. கார்ட்ஸ்ல அடுத்த மாசம் ரெண்டு இடம் வருது, அதுக்கு வெயிட் பண்ணு.” விளம்பரத்தைப் பார்த்து அன்றே விண்ணப்பித்திருந்தால், நம் தோழி நிரம்பிவிட்ட இடத்துக்காகத் தன் பெயரைப் பூட்டிக்கொண்டிருப்பார்.

ரெஃபரலுக்கும் எல்லை உண்டு. ரெஸ்யூமை ஒரு மனிதர் திறந்து பார்க்கும் வாய்ப்பைத்தான் அது கூட்டும். இன்டர்வியூவில் அது உங்களோடு உட்காராது. தேர்வு எழுதிப் போகும் அரசு வேலைகளில் இதற்கு இடமே இல்லை. ரெஃபர் செய்தவருக்குக் கம்பெனியே போனஸ் தருகிறது, அதுவும் நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்த பிறகு. எனவே ‘இவ்வளவு கொடுத்தா உள்ளே போட்டு விடறேன்’ என்று உங்களிடம் யாராவது பணம் கேட்டால், அவர் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவராகவே இருந்தாலும் அது மோசடிதான்.

பதிலே வரவில்லை என்றால்? நாலைந்து வேலை நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அடுத்த பெயருக்கும் எழுதுங்கள். விளம்பரம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டால் காத்திருப்பதில் லாபமில்லை, நேராகவே விண்ணப்பித்துவிடுங்கள். சில படிவங்களில் ‘இங்கே வேலை பார்க்கும் யாரையாவது தெரியுமா?’ என்று கேட்டு ஒரு பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள். பதில் போடாத அண்ணாவின் பெயரை அதில் எழுதிவிடாதீர்கள். ஹெச்.ஆர். அவருக்கே ஃபோன் போட்டு விசாரிப்பார்கள்.