முகத்துவாரத்தின் முனகல்

சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கில எழுத்தாளர் 1851-ல் எழுதிய ‘மூன்று மீனவர்கள்’ கவிதை மொத்தமே 21 வரி. ஏழேழு வரியாக மூன்று பகுதிகள். முதல் பகுதியில், பொழுது சாயும் நேரத்தில் மூன்று மீனவர்கள் மேற்கே கடலுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் பகுதியில் அவர்களின் மனைவியர் மூவரும் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் இருக்கிறார்கள். மறுபடியும் பொழுது சாய்கிறது. மழையும் சுழல்காற்றும் நெருங்க, கிழிசல் கிழிசலாகப் பழுப்பு மேகம் உருண்டு வருகிறது. மூன்றாம் பகுதியில் விடிந்துவிடுகிறது. நீர் வற்றிய கரையில் ஈர மணல் மின்னுகிறது. அதில் மூன்று உடல்கள்.

புயல் இந்தக் கவிதையில் எங்கும் வீசவில்லை. படகு கவிழ்வதோ, அலை எழுவதோ, யாரும் கூப்பிடுவதோ இல்லை. அந்த இரவு முழுவதும் இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் போய்விடுகிறது. கரையில் காத்திருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வாசகருக்கும் தெரிகிறது: முதல் நாள் மாலை வானம் கறுத்தது, மறுநாள் காலை உடல்கள் ஒதுங்கின. நடுவில் அந்தப் பெண்கள் செய்ததாகச் சொல்லப்படும் வேலை ஒன்றே ஒன்று, விளக்கின் திரியைச் சீர்செய்வது. எண்ணெய் விளக்கில் திரி நுனி கருகினால் புகை கட்டும், வெளிச்சம் மங்கும். கருகியதைக் கத்தரித்துக்கொண்டே இருந்தால்தான் கடலில் இருப்பவர் கண்ணுக்கு ஒளி எட்டும். கணவனுக்காகக் கரையிலிருந்து செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மாலையில் படகு புறப்படுவதைச் சாவின் குறியீடாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கிங்ஸ்லி சிறுவனாக வளர்ந்தது இங்கிலாந்தின் வட டெவன் கடற்கரையில், குளோவெலி என்ற மீனவ ஊரில். 1836 வரை அவருடைய தந்தை அங்கே பாதிரியாராக இருந்தார். ஊரின் பிழைப்பு ஹெர்ரிங் மீன். பகலில் ஆழத்தில் கிடக்கும் அந்த மீன் கூட்டம் இருட்டியதும் மேலே வரும். அதனால் அந்தி சாயும்போது படகை எடுத்து, மிதக்கும் வலையை நீளமாக விரித்து, இரவெல்லாம் அதோடு நகர்ந்து, விடியலில் கரை சேர்வதே தொழில் முறை. ஹெர்ரிங் படகுகள் கிளம்பும்போது பாதிரியார் தன் மனைவி மக்களோடு துறைக்கு இறங்கிப் போய், புறப்படுபவர்களுக்காகச் சிறு பிரார்த்தனை நடத்துவார். அந்தக் கூட்டத்தில் சிறுவன் கிங்ஸ்லியும் நின்றிருக்கிறான். கவிதையில் பிள்ளைகள் நின்று பார்க்கும் அந்த வரிக்கு இப்படி ஒரு வேர் உண்டு.

மூன்று பகுதிகளும் ஒரே ஒலியில் முடிகின்றன. முகத்துவாரத்தில் உள்ள மணல் திட்டின் முனகல் அது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நீரோட்டம் தளர, ஆறும் அலையும் கொண்டுவரும் மணல் குறுக்கே படிந்து திட்டாகிறது. வட டெவனில் டா, டாரிட்ஜ் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து கடலில் விழும் இடத்தில் பிடெஃபர்ட் திட்டு இப்படிப்பட்டது. அந்தக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. நீர் வற்றும்போது திட்டின் மேல் ஆழம் மிகக் குறைந்துவிடும் என்பதால் ஏற்றத்தை ஒட்டித்தான் படகு அதைத் தாண்ட வேண்டும். தொலைவில் புயல் கிளம்பினால், அது எழுப்பும் நீண்ட அலைகள் பல சமயம் புயலுக்கு முன்பே கரையை எட்டிவிடும். காற்றே இல்லாத மாலையிலும் அவை திட்டின் மேல் உடைந்து, ஊருக்குள் கேட்கும்படி கனத்த ஓசை எழுப்பும். கடற்கரைக்காரர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

எனவே முதல் பகுதியிலேயே முனகல் கேட்கிறது என்றால், ஆபத்து தெரிந்தேதான் அந்த மூவரும் போகிறார்கள். புயலில் தப்பித் திரும்பும் படகுக்கும் கடைசிக் கண்டம் இந்தத் திட்டுதான். வெளியே ஓடும் வற்று நீரும் உள்ளே வரும் பேரலையும் மோதும்போது அலை செங்குத்தாக எழுந்து உடையும். இருட்டில் வழியும் தெரியாது. அதனால் பல சமயம் வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே படகுகள் மூழ்கின.

ஆபத்து தெரிந்தும் ஏன் போனார்கள்? ஒவ்வொரு பகுதியின் கடைசி மூன்று வரிகளும் அதைப் பற்றியவை. அவற்றில் முதல் வரி மாறுவதே இல்லை: ஆண்கள் உழைத்தாக வேண்டும், பெண்கள் அழுதாக வேண்டும் என்பது அதன் பொருள். அடுத்த வரி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. முதலில் காரணமாக வருவது கூலி: வரும்படி கொஞ்சம், வயிறுகள் பல. இரண்டாவதில் கடல்: புயல் திடீரென்று வரும், நீரோ ஆழம். மூன்றாவதில் காரணம் எதுவும் இல்லை. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் உறங்கலாம் என்ற அலுப்பு மட்டுமே மிஞ்சுகிறது, திட்டுக்கும் விடை சொல்லப்படுகிறது. உறங்கப்போவது இறந்தவர்களா, இனி வாழ வேண்டிய பெண்களா என்று கவிதை பிரித்துச் சொல்லவில்லை. கூலியில் தொடங்கிய பேச்சு சாவில் வந்து நிற்கும் இந்த இறக்கம்தான் கவிதையின் உயிர்.

எழுதப்பட்ட சூழ்நிலையும் இதையே காட்டுகிறது. கிங்ஸ்லி தொழிலாளர் பக்கம் நின்று எழுதிய பாதிரியார். 1851 ஜூனில் லண்டன் தேவாலயம் ஒன்றில், உழைக்கும் மக்களுக்குத் திருச்சபை என்ன சொல்கிறது என்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்ததும் அவரை அழைத்திருந்த பாதிரியாரே எழுந்து, அதை ஏற்க முடியாது என்று சபை நடுவே கண்டித்தார். கிங்ஸ்லி மறுபேச்சு பேசாமல் ஊர் திரும்பினார். அந்தக் களைப்போடு வீட்டில் உட்கார்ந்து எழுதியது இந்தக் கவிதை.

ஜான் ஹல்லா இதற்கு இசையமைத்த பிறகு இது வீட்டுக் கூடங்களில் பாடும் பாட்டாகிவிட்டது. 1883-ல் வால்டர் லாங்லி என்ற ஓவியர் அந்த மாறாத வரியையே தன் ஓவியத்துக்குத் தலைப்பாக வைத்தார். வரி கவிதையிலிருந்து கழன்று பழமொழிபோல் உலவத் தொடங்கியதும், ஆணுக்கு உழைப்பு, பெண்ணுக்கு அழுகை, உலக நியதி இதுதான் என்ற பொருள் அதன்மேல் ஏறிக்கொண்டது. கூலியைப் பற்றிய அடுத்த வரியை விட்டுவிட்டுப் படித்தால் அப்படித்தான் கேட்கும்.

ஆனாலும் அந்த வரியில் ஒரு குறை உண்டு. பிரிட்டனின் மீனவ ஊர்களில் பெண்கள் வலை பின்னினார்கள், கிழிந்ததைத் தைத்தார்கள், தூண்டிலுக்கு இரை கோத்தார்கள், மீனை அறுத்து உப்பிட்டார்கள், கூடை சுமந்து விற்றார்கள். குடும்பத்தின் வருமானத்தில் அவர்களுடைய உழைப்பும் இருந்தது. கவிதை அவர்களைக் கோபுரத்தில் நிறுத்தி விளக்கை மட்டும் கையில் தருகிறது. கணவன் போன பிறகு அந்த வீடு எப்படி ஓடியது என்ற இடத்துக்கு அது வரவே இல்லை.

வட டெவன் கரையில் அந்தக் கேள்வி வெறும் கற்பனையாக இருக்கவில்லை. 1838 அக்டோபர் புயலில் குளோவெலிக்கு அருகே மீன்பிடிப் படகுகள் பல அழிந்தன. இறந்தவர்களின் விதவைகளும் குழந்தைகளும் கையில் எதுவும் இல்லாமல் நின்றதைக் கேள்விப்பட்டு, பாத் நகர மருத்துவர் ஜான் ரையும், முன்பு கப்பலுக்கு வழிகாட்டியாக இருந்த அவருடைய பணியாளர் சார்லஸ் கீ ஜோன்ஸும் நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள். 1839-ல் அது கடலில் ஆளை இழந்த குடும்பங்களுக்கும் கப்பல் உடைந்து தப்பியவர்களுக்கும் உதவும் சங்கமாக உருவெடுத்தது. இன்றும் அது இயங்குகிறது.