வங்கி பிடித்த வரி திரும்பக் கிடைக்கும்

கணவர் இறந்தபின் வந்த காப்பீட்டுத் தொகை 10 லட்சம் ரூபாயை, 57 வயதுப் பெண் ஒருவர் வங்கியில் 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வட்டி 70,000 ரூபாய். ஆனால், 2025-26 நிதியாண்டில் அவர் கைக்கு வந்தது 63,000தான். மீதி 7,000 ரூபாயை டிடிஎஸ் என்று வங்கி பிடித்துக்கொண்டது.

60 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், வங்கி 10 சதவீதம் பிடிக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். வரம்பைத் தாண்டிய 20,000 ரூபாய்க்கு மட்டும் பிடிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, முழு வட்டிக்கும் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் போகும்.

இந்தப் பெண்ணின் இன்னொரு வருமானம், மாதம் 9,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம். வட்டியோடு சேர்த்தாலும் ஆண்டுக்கு 1,78,000 ரூபாய்தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. நிதியாண்டின் தொடக்கத்திலேயே 15ஜி படிவத்தை வங்கியில் கொடுத்திருந்தால் ஒரு ரூபாயும் பிடித்திருக்க மாட்டார்கள். 60 வயதானவர்களுக்கு 2025-26 நிதியாண்டில் அது 15எச் ஆக இருந்தது. இந்த உறுதிமொழியை ஒருமுறை கொடுத்தால் போதாது. ஆண்டுதோறும், டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும்.

பிடித்த பணம் அரசுக் கணக்குக்குப் போனபின் வங்கி மேலாளரிடம் கேட்டுப் பயனில்லை. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்வதே வழி. வரி கட்ட வேண்டியிராதவரும் ரீஃபண்டுக்காகத் தாக்கல் செய்ய வேண்டும்.

incometax.gov.in தளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, முதலில் 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். வங்கி பிடித்த 7,000 ரூபாய் உங்கள் பெயரில் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால், வங்கி பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கலாம். வங்கியிடம் சொல்லித் திருத்தச் செய்த பிறகே தாக்கல் செய்யுங்கள். நான்காம் காலாண்டுக் கணக்கை வங்கிகள் மே 31 வரை தரலாம் என்பதால், ஜூன் பாதிக்கு மேல் பார்ப்பது நல்லது.

இந்தப் பெண்ணுக்கு உரிய படிவம் ஐடிஆர்-1. அதில் வட்டி வருமானமாக, கைக்கு வந்த 63,000ஐ அல்ல, முழு 70,000ஐயும் காட்ட வேண்டும். அப்போதுதான் 26ஏஎஸ் கணக்கோடு ஒத்துப்போகும். பிடித்த 7,000 ரூபாய் டிடிஎஸ் பகுதியில் வரும். வரி பூஜ்யம் என்பதால் அந்தத் தொகை முழுவதும் ரீஃபண்டாகக் காட்டப்படும். அது வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்திலேயே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் ரிட்டர்னை உறுதிசெய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உறுதிசெய்யாத ரிட்டர்னைத் துறை எடுத்துக்கொள்ளாது, ரீஃபண்டும் வராது.

2025-26க்கான கெடு 2026 ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். அடிப்படை வரம்பான 4 லட்சத்துக்குள் வருமானம் உள்ளதால், இந்தப் பெண்ணுக்குத் தாமதக் கட்டணமும் இல்லை. ஆனால் டிசம்பரும் போய்விட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.