தூண் பக்கமும் கிளைக் கட்டுரைகளும்

ஓர் இணையதளத்தில் மாடித்தோட்டம் பற்றி இருபது கட்டுரைகள் தனித்தனியே கிடந்தால், எது முதன்மையானது என்று கூகுளுக்கு எளிதில் விளங்காது. எல்லாவற்றையும் சுருக்கமாகத் தொடும் தூண் பக்கம் ஒன்றை எழுதி, அதிலிருந்து மண்கலவை, தொட்டி, பூச்சிவிரட்டி என ஒவ்வொரு கட்டுரைக்கும் இணைப்பு தர வேண்டும். அவையும் தூணுக்குத் திரும்ப இணைய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இணைப்பு தாங்கும் சொற்களே பொருத்தத்தைக் கடத்துகின்றன. ‘இங்கே சொடுக்கவும்’ எதையும் சொல்லாது. ‘தேங்காய் நார்க்கழிவு மண்கலவை’ என்றால் போய்ச் சேரும் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்கும் வாசகருக்கும் தெரிந்துவிடும்.

எங்கிருந்தும் இணைப்பு வராத கட்டுரை தேடுபொறியின் கண்ணில் படாமலே போகலாம். கூகுள் சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில், உள் இணைப்பு அதிகம் பெற்ற பக்கங்களைப் பார்க்கலாம். கிளைக் கட்டுரைகளுக்கும் கீழே தூண் பக்கம் கிடந்தால், பின்னல் சரியில்லை.