பழைய விளம்பரத்தில் பெயின்ட் டப்பாவோடு நிற்கும் சிறுவன்: எந்தக் காலத்தவன்? கண்டுபிடிப்பது எப்படி?

நெற்றியில் விழும் முடி, கையில் பிரஷ், பெயின்ட் டப்பா. ஏசியன் பெயின்ட்ஸின் ‘கட்டு’ பையனை ஞாபகம் இருக்கா? 1954-ல் இவனை வரைந்தவர் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண். 2002 வாக்கில் நிறுவனம் இவனைக் கைவிட்டது. அதனால படத்தை மட்டும் பார்த்தா கிட்டத்தட்ட 50 வருஷத்தில் எதுவாகவும் இருக்கலாம்.

டப்பா என்ன சொல்லும்?

முதலில் டப்பாவில் உள்ள நிறுவனப் பெயரைப் படிங்க. ‘ஏசியன் ஆயில் அண்ட் பெயின்ட்’ என்று இருந்தால் பழசு. 1965-ல்தான் பெயர் ‘ஏசியன் பெயின்ட்ஸ்’ ஆனது.

வாசகம்?

‘டெம்பரை இழக்காதீங்க, டிராக்டர் டிஸ்டெம்பர் பயன்படுத்துங்க’ என்பது சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பருக்கான ஆங்கில வாசகம். இது இருந்தும் படத்தில் வேறு பெயின்ட் டப்பா இருந்தால், ஒட்டு வேலையான்னு சந்தேகப்படலாம்.

அச்சு?

லென்ஸில் பாருங்க. அந்தக் காலத்து பிளாக் அச்சில் கோட்டுச் சித்திரத்தின் கறுப்புக் கோடு முழுசா இருக்கும், பின்பக்கம் லேசா அழுந்தியிருக்கும். கோடே புள்ளி புள்ளியா உடைஞ்சிருந்தா, ஸ்கேன் செய்து எடுத்த மறுஅச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.