‘ஸ்பான்சர் பண்றோம்’ என்றால் எதுவரை?

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து கம்பெனி ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. மென்பொருள் வேலை, வருஷத்துக்கு 58,000 பவுண்டு. “விசா ஸ்பான்சர் பண்றோம்னு லெட்டர்லயே போட்டிருக்காங்க மாமா. நாளைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடவா?”

சென்னையில் ஒரு நிறுவனத்தில், வெளிநாடு போகிறவர்களின் விசா காகிதங்களைப் பார்ப்பதே பல வருஷம் என் வேலையாக இருந்தது. அதனால் அவனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: “ஸ்பான்சர்னா என்னென்ன கட்டுவாங்கன்னு கேட்டியா?” பதில் இல்லை. டிக்கெட், விசா, போய் இறங்கியதும் தங்க இடம் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் ஸ்பான்சர் என்பதற்குச் சட்டப்படி உள்ள பொருள் மிகக் குறுகியது. கம்பெனிக்கு அரசு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. அந்த லைசென்ஸின் பேரில் கம்பெனி உங்களுக்கு ஒரு சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் ஒதுக்கும். அவ்வளவுதான். பெயர்தான் சர்ட்டிஃபிகேட்; முத்திரை குத்திய தாள் எதுவும் கிடையாது. அது உள்துறையின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. உங்கள் கைக்கு வருவது அதன் எண்தான், அந்த எண்ணை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். விசாவுக்கு யார் பணம் கட்டுவது, குடும்பத்துக்கு யார் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான பேச்சு. பேசாமல் விட்டால் செலவு உங்கள் தலையில்.

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு காரியம் செய்தோம். லைசென்ஸ் உள்ள எல்லா நிறுவனங்களின் பட்டியலும் GOV.UK தளத்தில் Register of licensed sponsors: workers என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் கம்பெனியின் பெயரைத் தேடினான், கிடைக்கவில்லை. பையன் குரலே மாறிவிட்டது. ஆஃபர் லெட்டரின் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் வேறொரு பெயர் இருந்தது. வெளியில் வழங்கும் பெயர் ஒன்று, பதிவு செய்த பெயர் இன்னொன்று. இரண்டாவது பெயரைத் தேடியபோது கிடைத்தது: ஊர் லீட்ஸ், தரம் ஏ, பிரிவு ஸ்கில்டு ஒர்க்கர். இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தும் பிரிவு வேறாக இருந்தால் அந்த லைசென்ஸ் நமக்கு உதவாது. லைசென்ஸ் எந்தப் பெயரில் இருக்கிறது என்று எச்.ஆரிடம் நேராகவே கேட்கலாம், அதில் தப்பே இல்லை. நல்ல கம்பெனி உடனே சொல்லிவிடும்.

பிறகு கணக்குப் போட்டோம். இவன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை என்று மூன்று பேர். கம்பெனி ஐந்து வருஷத்துக்கு ஸ்பான்சர் செய்வதாக எழுதியிருந்தது. கேட்கப் பெரிய மனசு போலத் தெரியும். ஆனால் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு அப்போது ஆளுக்கு 1,519 பவுண்டு கட்டணம். அதைவிடப் பெரியது ஹெல்த் சர்சார்ஜ். அங்கே அரசு மருத்துவமனைகளில் வைத்தியம் பார்த்துக்கொள்வதற்காக முன்கூட்டியே வசூலிக்கும் தொகை அது: பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே 776. மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். விசாக் காலம் முழுவதற்கும் உண்டான தொகையை விண்ணப்பிக்கும் அன்றே கட்டியாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மூன்று பேருக்கும் சேர்த்து 18,787 பவுண்டு வந்தது. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தால் இருபத்தோரு லட்சத்துக்கு மேல்.

ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “வீட்டு லோனே முப்பது லட்சம் இருக்கு மாமா” என்றான்.

அதையே மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தோம். விசாக் கட்டணம் ஆளுக்கு 769 பவுண்டாக இறங்குகிறது, சர்சார்ஜும் மூன்று வருஷத்துக்குத்தான். மொத்தம் 10,845 பவுண்டு, பன்னிரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வருஷம் முடிந்து அங்கிருந்தே நீட்டிக்கும்போது மறுபடி கட்டணம் உண்டு, அதுவும் கூடுதலாக. அன்றைய கணக்கில் ஆளுக்கு 885. எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து வருஷமாக ஒரே தடவையில் வாங்குவதுதான் மலிவு. ஆனால் அந்தப் பணத்தை அங்கே சம்பாதித்துக் கட்டுவதும், கோயம்புத்தூரில் கடன் வாங்கிக் கட்டுவதும் ஒன்றல்ல. கம்பெனியே கட்டுவதாக இருந்தால் ஐந்து வருஷம் வாங்குங்கள். கைக்காசு என்றால் மூன்று வருஷமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள் என்பேன். சர்டிஃபிகேட்டில் காலத்தைக் குறிப்பது கம்பெனிதான். பதிவு போட்ட பிறகு மாற்றச் சொல்வது சங்கடம், முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கட்டணங்கள் அவ்வப்போது ஏறும். நீங்கள் கணக்குப் போடும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கம்பெனி கட்டியே ஆகவேண்டியது எது? இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தொகை அது. அதைத் தொழிலாளியிடமிருந்து எந்த வழியிலும் வசூலிக்கக் கூடாது. சர்ட்டிஃபிகேட்டுக்கான கட்டணத்தையும் லைசென்ஸ் செலவையும் தொழிலாளி மேல் போடக் கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் விதி வந்திருக்கிறது. மீறினால் லைசென்ஸே போகலாம். ‘சி.ஓ.எஸ். வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடுங்கள்’ என்று யாராவது பேரம் பேசினால், அது முதலாளியே கட்டவேண்டிய தொகை என்பது நினைவில் இருக்கட்டும். அந்த ஆளோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் அவன் எச்.ஆருக்கு மெயில் எழுதினான். முதல் வரைவில் மன்னிப்பு கேட்பதே பாதி இருந்தது. அதையெல்லாம் வெட்டினோம். ஆஃபர் கிடைத்ததில் சந்தோஷம், கையெழுத்திடத் தயாராக இருக்கிறேன், அதற்கு முன் நான்கு விஷயங்கள் தெளிவானால் நல்லது என்று ஆரம்பித்து நேரே கேள்விகளுக்குப் போனான். விசாக் கட்டணமும் சர்சார்ஜும் எனக்கு மட்டுமா, மனைவிக்கும் குழந்தைக்குமா? நீங்கள் நேரே கட்டுவீர்களா, நான் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வதா? சர்ட்டிஃபிகேட்டில் பராமரிப்புத் தொகைக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுப்பீர்களா? வேலையை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று அக்கா பயந்தாள். விசா தேவைப்படும் ஆள் என்பதை முதல் நேர்முகத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. இப்போது கேட்பது செலவுக் கணக்கு. அதற்குப் பதில் சொல்வது எச்.ஆரின் அன்றாட வேலை.

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே போய் முதல் சம்பளம் வரும்வரை பிழைக்கக் கையில் பணம் இருக்கிறது என்று விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். அவருக்கு 1,270 பவுண்டு, துணைக்கு 285, முதல் குழந்தைக்கு 315. இந்தத் தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள், லோன் தவணையோ பள்ளிக் கட்டணமோ போய் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கிவிட்டாலும் கணக்கு அடிபடும், விசா மறுக்கப்படலாம். அப்படி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏ தரம் உள்ள கம்பெனி, முதல் மாதம் இவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சர்ட்டிஃபிகேட்டிலேயே குறித்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. அதனால் கம்பெனிக்கு அப்போது ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் கேட்டால்தான் பலர் அதைக் குறிக்கிறார்கள்.

நான்கு நாளில் பதில் வந்தது. அவனுடைய விசாவும் சர்சார்ஜும் கம்பெனி செலவு. குடும்பத்துக்குக் கிடையாது. குடிபெயர்வதற்கு 5,000 பவுண்டு சம்பளத்தோடு சேர்த்துத் தருவோம். இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும்.

5,000 என்றதும் அவனுக்குச் சந்தோஷம். ஆனால் சம்பளமாக வந்தால் சம்பளத்துக்குள்ள வரி உண்டு. ஆண்டு வருமானம் 50,270 பவுண்டைத் தாண்டியவருக்கு மேல்தட்டு வரி நாற்பது சதவீதம், நேஷனல் இன்ஷூரன்ஸ் இரண்டு சதவீதம். 5,000-இல் கையில் நிற்பது 2,900. விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு, தற்காலிகத் தங்குமிடம் போன்றவற்றை ரசீதின் பேரில் கம்பெனி கொடுத்தால் 8,000 பவுண்டு வரை வரி கிடையாது. அதே 5,000-ஐ ரசீதுக்குக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டான். கம்பெனிக்கும் அதில் மிச்சம், ஒத்துக்கொண்டார்கள்.

குடும்பத்தின் விசாவுக்கு மூன்று வருஷக் கணக்கில் 6,971 பவுண்டு வேண்டும். இலவசமாகக் கேட்காமல் வட்டியில்லாக் கடனாகக் கேட்டான். முதலாளி தரும் வட்டியில்லாக் கடன் 10,000 பவுண்டைத் தாண்டாதவரை அங்கே வரி கிடையாது. பன்னிரண்டு மாதத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சம்மதித்தார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தத் திருப்பித் தரும் ஷரத்துதான். இருபத்து மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினாலும் முழுப் பணமும் கட்டு என்பது நியாயமில்லை. கம்பெனியே ஆள்குறைப்பு செய்தால் என்ன ஆகும் என்றும் அதில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்பான்சர் செய்த வேலை போய்விட்டால் பொதுவாக அறுபது நாள்தான் கெடு. அதற்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் கம்பெனிக்குப் பாக்கியும் சேர்ந்தால் தாங்காது. மாதத்துக்கு இருபத்து நான்கில் ஒரு பங்காகத் தொகை குறைய வேண்டும், கம்பெனி நிறுத்தினால் ஷரத்து செல்லாது, ஸ்கில்ஸ் சார்ஜும் சர்ட்டிஃபிகேட் கட்டணமும் அந்தத் தொகையில் சேராது என்று எழுதிக் கேட்டான். இதற்குப் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. மூன்றையும் ஏற்று, ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் கையெழுத்து. ஆனாலும் இங்கே ராஜினாமா கொடுக்கவிடவில்லை. அவனுக்கு 90 நாள் நோட்டீஸ். சர்ட்டிஃபிகேட் ஒதுக்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும், வேலை சேரும் தேதியும் விண்ணப்பித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. இரண்டு கெடுவும் மோதாமல் இருக்க, நோட்டீஸ் கணக்கை எச்.ஆரிடம் சொல்லி, சேரும் தேதியை அதற்கேற்பப் போடச் சொன்னோம். இடையில் மூன்று பேரும் சென்னை வந்து, அங்கீகரித்த மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையை முடித்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் சர்ட்டிஃபிகேட்டின் விவரங்களை பி.டி.எஃப்.பாக அனுப்பினார்கள். ஃபோனில் வரி வரியாக வாசித்தான். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, சம்பளம் 58,000, காலம் மூன்று வருஷம். “அந்தப் பராமரிப்பு எங்கடா?” என்றேன். தேடினான். “இருக்கு மாமா. எஸ்னு போட்டிருக்கு.”

அன்று சாயங்காலம் ராஜினாமா மெயில் அனுப்பினான்.